இட்டேரியில் வண்டியைத் திருப்புதல்

இட்டேரி என்ற சொல்லை நம் பக்கத்து அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. இரு புறமும் கிளுவை வேலி நிற்க, நடுவே ஒரு கட்டை வண்டி போகும் அளவுக்கு முன்னோர் விட்டு வைத்த பாதை அது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டாலும், வழி தவறி ஒருவர் நுழைந்துவிட்டாலும் அக்காலத்தில் பெரிய சங்கடம் நேர்வதில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு சக்கரத்தை நிறுத்தி மறு சக்கரத்தை உருட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இரண்டே சக்கரமுள்ள வண்டிக்கு உள்ள வசதி அது.

இன்று அதே இட்டேரிகளில் பல தார்ச்சாலைகளாகிவிட்டன. குன்னத்தூரைச் சுற்றியுள்ள தறிப் பட்டறைகளுக்கு நூல் மூட்டையும் பாவும் அவ்வழியேதான் போகின்றன. தோட்டத்துச் சாளைகளிலிருந்து நிலக்கடலையும் தேங்காயும் அவ்வழியேதான் வருகின்றன. ஆனால் மாட்டு வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மோட்டார் வண்டி நின்ற இடத்தில் திரும்பாது. முன் சக்கரங்கள் மட்டுமே ஒடியும்; பின் சக்கரங்கள் அச்சோடு நேராகவே உருளும். ஆதலால் அதற்கு வட்டமிட இடம் வேண்டும். பாதையின் அகலம் மாறவில்லை, அதில் ஓடும் வண்டியின் இயல்பு மாறிவிட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட தொல்லையின் வேர்.

இதை டிரைவரின் சாமர்த்தியத்தைப் பொறுத்த காரியம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது பெரும்பாலும் தவறான எண்ணம். ஓர் இடத்தில் வண்டி திரும்புமா, திரும்பாதா என்பதைத் தீர்மானிப்பது அளவு நாடா. அளவு இடங்கொடுத்த பிறகுதான் சாமர்த்தியத்துக்கு வேலை.

நம் பக்கத்தில் மிகுதியாக ஓடும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா ஏஸ், மக்கள் வாயில் குட்டியானை, ஏறத்தாழ 12½ அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து ஓட்டினால் அதன் வெளிப்புற முன் சக்கரம் 14 அடி ஆரமுள்ள வட்டத்தை வரையும். அதாவது சக்கரத் தடத்துக்கு மட்டும் 28 அடி அகலம் வேண்டும். சக்கரத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு அதற்கும் வெளியே வீசுவதால், வேலியிலோ மதிலிலோ இடிக்காமல் ஒரே வீச்சில் திரும்ப 31 அடி இருக்க வேண்டும். அவ்வளவு அகலம் சந்தைத் திடலில் உண்டு, இட்டேரியில் ஏது?

அடுத்தபடி, முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பலாம் என்பர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. திரும்பும்போது ஏதாவது ஒரு கணத்தில் வண்டி பாதைக்குக் குறுக்கே நின்றாக வேண்டும். அப்போது அதன் நீளம் மட்டுமன்று, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை உள்ள கோணளவும் பாதைக்குள் அடங்க வேண்டும். குட்டியானைக்கு அந்தக் கோணளவு 13½ அடிக்குச் சற்றுக் குறைவு. கிராமச் சாலைகளின் தார்ப்பரப்பு பெரும்பாலும் 3.75 மீட்டர், அதாவது 12 அடி சொச்சம். போக்குவரத்துக் குறைந்த சாலைகளில் 3 மீட்டர், அதாவது 10 அடியே. ஆகவே தார்ப்பரப்புக்குள் மட்டும் நின்று எந்தத் தேர்ந்த டிரைவராலும் அவ்வண்டியைத் திருப்பிவிட முடியாது. அவர் ஓரத்து மண்ணை நம்பியே திருப்புகிறார். இரு புறமும் மும்மூன்றடி உறுதியான மண் இருந்தால் 18 அடி கிடைக்கும். பல முறை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிவிடலாம். ஆனால் மழை பெய்த மறுநாளிலும், குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்திலும் அந்த மூன்றடி மண் ஏமாற்றிவிடும். சுமையெல்லாம் பின் அச்சின்மேல் இருக்க, பின் சக்கரம் பொதபொதவென்ற மண்ணில் இறங்கினால் வண்டி குறுக்கே நின்றபடி புதைந்துவிடும். பிறகு டிராக்டர் வந்து இழுக்கும்வரை அப்பாதையில் பால் வண்டியும் போகாது, பள்ளி வேனும் போகாது.

திருப்ப முடியாத டிரைவர் என்ன செய்கிறார்? வந்த வழியே பின்னிட்டுப் போகிறார். ‘ரிவர்ஸிலேயே வந்துவிட்டேன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. கால் மைல் தூரம் பின்னிட்டு ஓட்டுவது முன்னோக்கி ஓட்டுவதன் தலைகீழ் மட்டுமன்று. முன்னே போகும்போது ஒடியும் சக்கரம் முதலில் போகிறது, உடல் பின்னால் தொடர்கிறது. பிசகு உடனே கண்ணுக்குத் தெரியும். பின்னிடும்போது உடல் முதலில் போகிறது, ஒடியும் சக்கரம் கடைசியில் வருகிறது. ஸ்டியரிங்கில் ஏற்பட்ட சிறு பிசகு பத்தடி போன பிறகுதான் வால் விலகுவதில் தெரியவரும்; அதற்குள் மூக்கு எதிர்ப்பக்கம் வீசியிருக்கும். திருத்த எண்ணி அதிகமாக ஒடித்தால் மறுபக்கம் போகும். கால் மைல் முழுதும் பாம்பு போல் நெளிந்து வரும் வண்டியைப் பார்த்தால், அதன் டிரைவர் தாமதமாகவும் அதிகமாகவும் ஒடிக்கிறார் என்று அறியலாம்.

அரை சென்ட் நிலம்

இத்தொல்லைக்கு ஒரு பரிகாரம் உண்டு. அது டிரைவர் கையில் இல்லை, பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. தோட்டத்துக் கடவையோ பட்டறையின் கேட்டையோ பாதையோரத்திலேயே நிறுத்தாமல் உள்ளே தள்ளி நிறுத்துவதுதான் அது. பாதையிலிருந்து 18 அடி உள்ளே தள்ளி, வாயை 12 அடி அகலத்துக்குத் திறந்துவிட்டால் 216 சதுர அடி ஆகிறது. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஆக நாம் விட்டுக்கொடுப்பது அரை சென்ட் நிலம். அதுவும் நம்முடைய நிலமாகவே இருக்கும், வேலி மட்டும் உள்ளே போகும். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் அரை சென்ட் என்றால் முகம் சுளிக்கும் அன்பர்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். வரப்பில் ஒரு சாண் நகர்ந்தால் கோர்ட் வரை போகும் ஊர் நம்முடையது! ஆனால் அந்த அரை சென்ட் இரண்டு வேலை செய்கிறது. நம் வண்டி அதில் திரும்பலாம். எதிரே வரும் வேறொரு வண்டிக்கு ஒதுங்கி வழிவிடவும் அதுவே இடமாகும்.

அந்த ஒதுங்கிடத்தில் திருப்பும் முறையைக் குட்டியானையின் அளவுகளை வைத்தே விவரிப்போம். 12 அடி அகலமுள்ள இட்டேரியில் வண்டி வருகிறது. ஒதுங்கிடம் அதன் வலப்புறம் இருக்கிறது. டிரைவர் ஒதுங்கிடத்துக்குள் மூக்கை நுழைக்காமல் அதைத் தாண்டிப் போக வேண்டும். பாதையின் நடுவிலும் போகலாகாது. வலப்பக்கம் ஓரடி நெருங்கி, வலப்பக்க ஓரத்துக்கும் வண்டிக்கும் இடையே 2½ அடி விட்டு நேராகச் செல்ல வேண்டும். பின் சக்கரம் ஒதுங்கிடத்தின் கடைசி முளையைத் தாண்டி 4 அடி போனதும் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுதும் வலப்புறம் ஒடித்து, நடை வேகத்தில் பின்னிட வேண்டும். வால் ஒதுங்கிடத்துக்குள் புகும். மூக்கு எதிர் வேலியை நோக்கி வீசும். வேலிக்கும் மூக்குக்கும் இடையே ஓரடிக்கு மேல் மிஞ்சும். உள் மூலை முளைக்கும் வண்டியின் பக்கப்பலகைக்கும் இடையேயும் ஏறக்குறைய அவ்வளவே மிஞ்சும். நடுப்பாதையிலேயே வந்திருந்தால் எதிர் வேலிக்கு அரையடி கூட மிஞ்சாது. மிக நெருங்கி வந்திருந்தாலோ உள் மூலை உரசும். எனவே அந்த ஓரடி நெருக்கம்தான் சூட்சுமம். வண்டி குறுக்காக நேர்ப்பட்டதும் சக்கரத்தை நேராக்கிச் சற்று உள்ளே போய், பிறகு இடப்புறம் ஒடித்து வெளியேறினால் வந்த திசையைப் பார்த்து நிற்கும். ஒரு முறை பின்னிட்டு ஒரு முறை முன்னேறுவதோடு காரியம் முடிந்துவிடும்.

பெரிய வண்டி வைத்திருப்போர் இதே அளவை நம்பலாகாது. தம் வண்டியின் நீளத்தோடு ஐந்தடி கூட்டி ஆழத்தை வைத்துக்கொண்டு, வாயின் அகலத்தைச் சந்தைத் திடலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துத் தீர்மானிப்பது நலம். நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்தால் போதும். கல் புரண்டால் நஷ்டமில்லை.

வலப்புறம் என்று நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலப்புறம் பின்னிட்டால், ஜன்னல் வழியே தலையை நீட்டி வாலையும் முளையையும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இடப்புறம் பின்னிட்டால் வண்டியின் உடலே வாலை மறைத்துவிடும். இடக் கண்ணாடியில் தெரியும் ஒரு கீற்றை நம்ப வேண்டியதாகும். ஆகவே ஒதுங்கிடத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, வண்டி வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அத்திசையிலிருந்து பார்த்தால் வலப்புறம் அமையுமாறு செய்துகொள்ளுதல் நன்று. இது ஒற்றைப் பாதையுள்ள இட்டேரிக்கு மட்டுமே பொருந்தும். இரு திசைப் போக்குவரத்துள்ள சாலையில் வலப்புறம் பின்னிட வேண்டுமானால் எதிர்த்திசை வண்டிகளின் தடத்தில் போய் நிற்க நேரும். அங்கே வலப்பக்க வசதியை நாடலாகாது.

கேட்டுக்குள் பின்னிட்டுப் புகுந்து முன்னோக்கி வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் விதியாகவே கொள்ளலாம். நம் சங்கக் கிடங்குக்கு வரும் வண்டிகளில் பாதி, அவசரத்தில் மூக்கோடு நுழைந்து, சுமை ஏற்றிக்கொண்டு பின்னிட்டுச் சாலைக்கு வருகின்றன. வரும்போது வண்டி காலி, டிரைவர் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அப்போது பின்னிடுவது எளிது. போகும்போது மூட்டைகள் பின் பார்வையை மறைக்கின்றன. வால் சாலைக்குள் ஐந்தாறடி நீண்ட பிறகுதான் டிரைவருக்குச் சாலை தெரிகிறது. அதற்குள் மோட்டார் சைக்கிளில் வருபவர் அந்த வாலைச் சந்தித்துவிடுகிறார். இரண்டு நிமிஷம் மிச்சமாகிறது என்பதற்காகக் கடினமான காரியத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது கணக்கறிந்தார் செய்யும் செயலன்று.

வண்டிக்குப் பின்னால் இருப்பது யார்?

2022ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் சென்னை வளசரவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளி வளாகத்துக்குள், பின்னிட்ட பள்ளி வேனின் அடியில் அகப்பட்டு இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் உயிர் நீத்தான். அது நெடுஞ்சாலையன்று; வேகமும் இல்லை. அவ்வாண்டிலேயே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கான விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும், பின்னிடும்போது எச்சரிக்கும் கருவியும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. புதிதாகச் செய்யப்படும் கார்களுக்குப் பின்னிடும் எச்சரிக்கைக் கருவி 2019 ஜூலை முதலே கட்டாயம். நூல் ஏற்றும் பழைய வண்டிக்கோ, கடலை மூட்டை ஏற்றும் டிராக்டருக்கோ இவை எதுவும் இல்லை. நம் பட்டறை வாசலிலும் களத்திலும் குழந்தைகள் விளையாடுகின்றனர் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரு விலாவை ஒட்டிய பகுதியைத்தான் காட்டும். மூடிய பெட்டி வண்டியில், நடு முதுகுக்கு நேர் பின்னால் உள்ள இடம் எந்தக் கண்ணாடியிலும் விழாது. அது எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொருவரும் தம் வண்டியில் அளந்து பார்க்கலாம். மூன்றடி உயரக் கோல் ஒன்றை வாலுக்கு நேர் பின்னால் நட்டு, டிரைவர் தம் இருக்கையிலிருந்து பார்க்கட்டும். அது கண்ணாடியில் தெரியும்வரை ஒருவர் அதைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போகட்டும். மூன்றடி என்பது சிறு குழந்தையின் உயரம். கோல் எவ்வளவு தூரம் போய்த் தெரிகிறது என்பதைக் கண்ட பிறகு, கண்ணாடியை மட்டும் நம்பிப் பின்னிட எவருக்கும் மனம் வராது.

எனவே முதற்காரியம், வண்டியில் ஏறுமுன் அதை ஒரு முறை சுற்றி வருதல். சுற்றி வந்த பின் பேச நின்றுவிட்டால் மறுபடி சுற்றி வர வேண்டும். குழந்தை ஓடிவர அரை நிமிஷம் போதும். இரண்டாவது காரியம், கிளீனரை நிறுத்தும் இடம். அவர் வாலுக்கும் மதிலுக்கும் இடையே நின்றுகொண்டு ‘வரலாம், வரலாம்’ என்று கையசைப்பதை நாள்தோறும் காண்கிறோம். பிரேக் சற்றுத் தாமதித்தால் நசுங்குபவர் அவரே. அவர் வாலுக்குப் பக்கவாட்டில், டிரைவரின் வலக் கண்ணாடியில் தம் முழு உருவமும் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் மறைந்த கணமே டிரைவர் நிறுத்திவிட வேண்டும். ‘எங்கே போனார்’ என்று தேடிக்கொண்டே பின்னிடலாகாது. வழி சொல்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். களத்தில் நிற்கும் நால்வரும் நான்கு விதமாகக் கூவினால் டிரைவர் தமக்குப் பிடித்த குரலைக் கேட்பார்.

குரலைவிட விசில் நல்லது. பஸ்ஸில் ஒரு விசில் நிறுத்து, இரண்டு விசில் போ என்பது எல்லோரும் அறிந்ததே; அதையே வைத்துக்கொள்ளலாம். நடை வேகமான மணிக்கு 5 கிலோமீட்டரில் வண்டி ஒரு வினாடிக்கு நாலரை அடி நகர்கிறது. விசிலைக் கேட்டு டிரைவரின் கால் பிரேக்கை அழுத்த ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். ஆகவே மதில் ஓரடி இருக்கையில் ஊதுவதால் பயனில்லை. ஆறடி இருக்கும்போதே ஊதிவிட வேண்டும். பிறகு அங்குலம் அங்குலமாக வரச் சொல்லலாம்.

எதிரெதிரே நின்றுவிட்டால்

ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் முகத்துக்கு முகம் நின்றுவிட்டால் யார் பின்னிடுவது? நம் ஊர்களில் இது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. ஒதுங்கிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னிடுவதே முறை. தூரம் சமமாயின், சுமை ஏற்றியவருக்குக் காலி வண்டிக்காரர் வழிவிட வேண்டும். டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு மற்றெல்லோரும் வழிவிட வேண்டும். டிரெய்லருக்கு இந்தச் சலுகை மரியாதைக்காக அன்று. டிரெய்லரை வலப்புறம் தள்ள வேண்டுமானால் டிராக்டரை முதலில் இடப்புறம் ஒடிக்க வேண்டும். வளைவு பிடித்தவுடன் எதிர்ப்பக்கம் ஒடித்து அதைத் தொடர வேண்டும். சற்றுப் பிந்தினால் இரண்டும் கத்திரிக்கோல் போல் மடிந்துகொள்ளும். அது ஓரச்சு டிரெய்லரின் கதை. முன் அச்சு வட்டத்தட்டில் சுழலும் நான்கு சக்கர டிரெய்லருக்கு மடியும் மூட்டு இரண்டு ஆகிவிடுவதால், அதைச் சில அடிகளுக்கு மேல் பின்னிடப் பழகியவர்கள் மிகச் சிலரே. அப்படிப்பட்ட வண்டியை இட்டேரியில் கண்டால் மற்றவர் பின்னிடுவதே விரைவில் வீடு சேர வழி.

மலைப்பாதையில் சட்டமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இரண்டு வண்டிகள் தாராளமாக விலக இடமில்லாத ஏற்றத்தில், இறங்கி வரும் வண்டி ஓரமாக நின்று ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது கடினம். கிளப்பும்போது பின்னுக்கு உருளவும் கூடும். பின்னிட நேர்ந்தாலும், மேலே இருப்பவர் மேல்நோக்கிப் பின்னிடுவது கீழே இருப்பவர் சரிவில் பின்னிடுவதைவிடக் கட்டுக்குள் நிற்கும்.

குன்னத்தூரிலிருந்து கோபி, சத்தியமங்கலம் வழியாக மைசூர்ப் பக்கம் சரக்கு அனுப்பும் அன்பர்களுக்குத் திம்பம் மலைப்பாதை தெரிந்ததே. பண்ணாரி அடிவாரத்துக்கு மேல் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நீண்ட லாரிகள் வளைவில் சிக்கிப் பல மணி நேரம் இரு புறமும் வண்டிகள் தேங்கி நின்றது எத்தனையோ முறை. அதன் காரணத்தையும் நாடாவே சொல்லும். வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரம் 46 அடி ஆர வட்டத்தில் போகும்போது குட்டியானையின் பின் சக்கரம் அரையடிதான் உள்வாங்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 22 அடி இடைவெளியுள்ள லாரியின் பின் சக்கரம் அதே வளைவில் 5½ அடி உள்வாங்கும். உள்ளோரத்துச் சுவரையோ பள்ளத்தையோ அது தொட்டுவிட்டால், ஒரு முறை பின்னிட்டு மறுபடி வீச வேண்டும். பின்னிட இடம் வேண்டுமே! பின்னால் பஸ்ஸும் காரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவர்கள் பின்வாங்க அவர்களுக்குப் பின்னால் உள்ளவர்கள் பின்வாங்க வேண்டும். ஆதலால் மலைவளைவில் முன்னே லாரியைக் கண்டால், அது வளைவை முடிக்கும்வரை இரண்டு வண்டி நீளம் கீழேயே நிற்பது நம் வழியையும் காப்பாற்றும்.

2022 பிப்ரவரி 10 முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி அப்பாதையில் இரவு நேரத்தில் கனரக வண்டிகள் போவது தடுக்கப்பட்டது. அது புலிகள் காப்பகத்து விலங்குகள் அடிபடுவதைத் தடுக்கும் பொருட்டு. பன்னிரண்டும் அதற்கு மேலும் சக்கரமுள்ள லாரிகள் பகலிலும் விலக்கப்பட்டன. சரக்கு அனுப்புமுன் லாரியின் சக்கரத்தையும் புறப்படும் நேரத்தையும் விசாரித்துக்கொள்வது கட்டணத்தை விசாரிப்பதைப் போலவே அவசியமாகிவிட்டது.

விலக்கப்பட்ட இடங்கள்

1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் பின்னிடுதலைப் பற்றி மிகச் சுருக்கமாகவே கூறின: எவருக்கும் அபாயமோ தகாத இடைஞ்சலோ நேராது என்று முதலில் உறுதி செய்துகொள்ளாமல் எவரும் பின்னிடலாகாது. ஒருவழிப் பாதைக்குள் பின்னிட்டுப் புகுவதும் அவ்விதிகளில் விலக்கப்பட்டது. முகம் எந்தத் திசையில் இருந்தாலும் வண்டி நகரும் திசைதான் கணக்கு. ‘முகம் சரியாகத்தானே இருக்கிறது’ என்ற வாதம் செல்லாது. 2017இல் அவற்றுக்குப் பதிலாக மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. வளைந்து எதிர்த்திசைக்குத் திரும்புவது எங்கெங்கே கூடாது என்று அவை கூறுகின்றன. தடைக்குறி நாட்டிய இடத்திலும், வண்டிகள் இடைவிடாது ஓடும் சாலையிலும், பெருஞ்சாலை, நெடுஞ்சாலை, விரைவுச்சாலை ஆகியவற்றிலும், சாலை நடுவே இடைவிடாமல் வரைந்த கோட்டைத் தாண்டியும் அவ்வாறு திரும்பலாகாது. சிவப்பு வட்டத்துக்குள் வளைந்த கறுப்பு அம்பும் அதன் குறுக்கே சிவப்புக் கோடும் இருந்தால் அதுவே அத்தடைக்குறி.

எழுதாத தடைகளும் உண்டு. வளைவின் அருகிலும், மேட்டின் உச்சியிலும், குறுகிய பாலத்தின் மேலும், ரயில்வே கேட்டின் அருகிலும் குறியில்லாவிடினும் திருப்பலாகாது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. குறுக்கே நிற்கும் வண்டியை வருபவர் காணும்போது அவருக்கு நிறுத்தத் தூரம் மிஞ்சுவதில்லை. இரு புறமும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்து, முழுத் திருப்பமும் முடிய எத்தனை வினாடி ஆகும் என்று எண்ணிப் பார்ப்பதே இதற்கு அளவுகோல். பல முறை முன்னும் பின்னும் எடுக்க ஒரு நிமிஷமாவது ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருபவர் அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு கிலோமீட்டர் கடந்து வந்துவிடுவார். ஒரு கிலோமீட்டர் தூரம் தெரியும் நேர்ச்சாலை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

பெருமாநல்லூரிலும் செங்கப்பள்ளியிலும் நாம் ஏறும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பிரியும் இடத்தைத் தவறவிட்டு, ஓரத்தில் நிறுத்தி நூறடி பின்னிட்டு வரும் வண்டிகளைக் காண்கிறோம். பின்னால் வரும் டிரைவருக்கு அந்த வண்டி போகிறதா, நிற்கிறதா, வருகிறதா என்பது தூரத்திலிருந்து புலப்படாது. சாலையில் எல்லாமே முன்னால் போய்க்கொண்டிருக்கும் என்று எண்ணியே அவர் கண் பழகியிருக்கிறது. ஒன்று மட்டும் தம்மை நோக்கி வருகிறது என்று உணரும்போது பிரேக் போட இடமிருப்பதில்லை. அங்கே தவறவிட்டவர் தவறவிட்டவராகவே முன்னே போய், திரும்ப வசதி செய்யப்பட்ட அடுத்த இடத்தில் திரும்பி வர வேண்டும். அப்படிப் போய்வர 4 கிலோமீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது கால் லிட்டர் டீசல்.